எந்த மா?

பாண்டிசெல்வி அந்த வார்த்தையைத் தப்பாகக் கேட்டபோது காலை மணி பத்தேகால். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற சாலையில் இருக்கும் பேண்டேஜ் துணி ஆலை அது. துணியை வெளுத்து, அலசி, காயவைத்துச் சுருட்டித் தருகிற புது மெஷின் ஒன்று சீனாவிலிருந்து வந்து, அதைப் பத்தொன்பது நாளாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மூன்று மணிக்குப் பூஜை. கோயம்புத்தூரிலிருந்து துணி வாங்குகிறவர்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். மெஷினை மாட்ட வந்திருந்த லியாங்குக்குச் சாயங்காலம் மதுரையில் விமானம்.

லியாங்குக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. அவன் பேச்சை ஆலைக்காரர்களுக்கும், ஆலைக்காரர்கள் பேச்சை அவனுக்கும் சொல்லத்தான் பாண்டிசெல்வி இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனி ஒன்றில் ஐந்து வருஷம் லைனில் நின்றவள். அங்கே சூப்பர்வைசர்கள் சீனர்கள். சொன்னது புரியாமல் இரண்டு தடவை திட்டு வாங்கியதில் ரோஷம் வந்து, ஷிஃப்ட் முடிந்தபின் ஆன்லைனில் சீனம் படித்தாள். அதில் இரண்டு பரீட்சை எழுதித் தேறினாள். கல்யாணமாகி ஊருக்கு வந்தபோது, இனி இந்தப் பாஷைக்கு இங்கே என்ன வேலை என்றுதான் நினைத்தாள். அப்போதுதான் ஆலை முதலாளி அழகுராஜா ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

முந்தின நாள் ஒரு சம்பவம் நடந்திருந்தது. ரோலர் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று லியாங் அதைத் திரும்பக் கழற்றிவிட்டான். அழகுராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டிக் கத்தினார். "இவனைக் கூட்டியாந்து பதினெட்டு நாளாச்சு! மாட்டுதானா, கழட்டுதானா? கேளும்மா அவன்கிட்ட!" பாண்டிசெல்வி அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தாள். ஆனால் கத்தலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லையே. லியாங் முகம் சிவந்து, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தான். அதிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை.

மறுநாள் பத்தேகாலுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ப்ளோயர் காற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. லியாங் ஈரப் பகுதியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக் குனிந்தவன், சட்டென்று நிமிர்ந்து கையை உதறினான். பாண்டிசெல்வி பக்கம் திரும்பி எதையோ சொன்னான்.

"தா மா லெ வோ யீ ஷியா!"

அவள் காதில் விழுந்தது அவ்வளவுதான். 'தா' என்றால் அவன். 'வோ' என்றால் நான். கடைசியில் வருவது 'ஒரு தடவை', 'கொஞ்சம்' என்கிற மாதிரி ஒரு ஒட்டு. நடுவில் ஒரு மா. திட்டுவதற்கும் சீனத்தில் மாதான். 'அவர் என்னைத் திட்டிவிட்டார்.' நேற்று முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன் இன்றைக்கு மனசில் கிடந்ததை வெளியே கொட்டுகிறான் என்று அவளுக்குப் பட்டது. அவன் முகமும் சுருங்கித்தான் இருந்தது. சட்டத்தை நோக்கி அவன் விரலை நீட்டியதையும் பார்த்தாள். அதற்கு அந்தப்பக்கம் அழகுராஜா நின்றிருந்தார். அவரைத்தான் காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

"தெரியும், தெரியும். முதலாளியிடம் சொல்கிறேன்" என்று சீனத்தில் சொன்னாள்.

லியாங் திருப்தியாகத் தலையாட்டினான்.

அவள் அழகுராஜாவை ஓரமாக அழைத்துப்போய் மெல்லச் சொன்னாள். "சார், நேத்து நீங்க சத்தம் போட்டது அவருக்கு ரொம்பச் சங்கடமா இருக்கு. இப்பவும் அதைத்தான் சொல்லுதாரு."

அழகுராஜா முன்கோபிதான். ஆனால் கெட்டவர் இல்லை. "அடடா, இன்னிக்குக் கிளம்புற மனுஷன். மனசுல வச்சிக்கிட்டுப் போகக் கூடாதும்மா" என்றார். முந்தின நாள் அவரோடு சேர்ந்து லியாங்கிடம் முகம் சுளித்த எலக்ட்ரீஷியன் தங்கப்பாண்டியனும் அங்கேதான் நின்றிருந்தான். "தங்கம், நீயும் வா. நாம ரெண்டு பேருந்தான் நேத்து அவன்கிட்ட மொகத்தக் காட்டுனோம்" என்று அவனையும் இழுத்துக்கொண்டு லியாங்கிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மன்னிச்சிக்கிடச் சொல்லும்மா. இனிமே அப்படி நடக்காதுன்னு சொல்லு."

பாண்டிசெல்வி சொன்னாள். மன்னிக்க வேண்டுமாம். இனி அப்படி நடக்காதாம்.

லியாங் எலக்ட்ரீஷியனைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், சிரித்தான். "ஹாவ், ஹாவ்" என்றான். நல்லது, நல்லது.

இரண்டு பக்கத்தாரும் சந்தோஷமாகப் பிரிந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

சமாதானத்தின் மேல் இன்னும் கொஞ்சம் தேன் தடவ நினைத்தாரோ என்னவோ, அழகுராஜா தன் காரையே கொடுத்தார். "வில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போ. கோபுரத்தைக் காட்டு. நல்ல பால்கோவாவா ரெண்டு பெட்டி வாங்கிக் குடு. அப்படியே மதுரைக்கு வண்டி போகட்டும், நீ உன் வீட்ல எறங்கிக்கோ."

பதினொன்றரைக்குக் கிளம்பினார்கள். லியாங் பால்கோவா வாங்கினான், கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்றான், படம் எடுத்தான். வெயிலுக்காகத் தேர் நிற்கும் இடத்தின் பக்கம் நிழலில் ஒதுங்கினார்கள். மத்தியான நேரம், ஆள் நடமாட்டமே இல்லை. லியாங் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனைவிக்குக் குரலைப் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தான். பாண்டிசெல்வி அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குப் போய் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு வாக்கியம் தானாகவே காதுக்குள் நுழைந்தது.

"ச்சி ச்சி மா லெ வோ யீ ஷியா."

சொல்லிவிட்டு லியாங் சிரித்தான்.

பாண்டிசெல்வி திரும்பினாள். 'ச்சி ச்சி' என்றால் மெஷின். காலையில் சொன்ன அதே வாக்கியம்தான். 'தா' இருந்த இடத்தில் 'மெஷின்' வந்திருக்கிறது. மெஷின் எப்படித் திட்டும்?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சீனத்தில் 'அவன்' என்பதும் 'அது' என்பதும் காதுக்கு ஒன்றுதான். இரண்டுமே 'தா'. எழுதினால்தான் வேறு வேறு.

"லியாங் அண்ணா," என்றாள். "இப்போது சொன்னீர்களே, அது எந்த மா?"

இந்தக் கேள்வியைத்தான் அவள் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆன்லைன் வகுப்பின் ஆசிரியை முதல் வாரமே அதை அடித்துச் சொல்லியிருந்தார். "சீனத்துல அசைகள் கொஞ்சந்தான். தொனியைக் கழிச்சுட்டு எண்ணுனா நானூறு சொச்சம். அதுக்குள்ள ஒரு பாஷையே அடங்கணும். அந்தக் காலத்துல சொல்லோட கடைசியில இருந்த சில ஒலிகள் உதிர்ந்து போச்சு, அந்த வித்தியாசத்தைக் குரலோட ஏற்ற இறக்கம் எடுத்துக்கிடுச்சுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. நாம கல்லுக்கும் காலுக்கும் வித்தியாசம் வைக்கிறோம்ல? பல்லுக்கும் பாலுக்கும்? நமக்குக் குறில் நெடில் எப்படியோ, அவங்களுக்குத் தொனி அப்படி. அது பேச்சுக்குப் பூசுற வர்ணம் இல்ல, சொல்லுக்குள்ளயே இருக்கு."

உயரத்தில் ஒரே கோடாக நீட்டினால் மா என்பது அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். மரத்துப்போவதற்கும் சுர்ரென்று இழுப்பதற்கும் அதே மாதான். அடித்தொண்டையில் தாழ்த்தி வளைத்தால் குதிரை. மேலிருந்து வெட்டி இறக்கினால் திட்டு. எந்த அழுத்தமும் இல்லாமல் வாக்கியக் கடைசியில் லேசாகத் தொட்டுவிட்டால் அது வெறும் கேள்விக்குறி. பாண்டிசெல்வி ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் காற்றில் கோடு இழுத்து இழுத்து இவற்றைப் படித்தவள். தனி மாவாக மனப்பாடம் செய்யாதே, கூட வரும் சொல்லோடு சேர்த்துப் படி என்பதும் பாடம். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் 'எந்த மா?' என்று கேள், சீனர்களே ஒருவருக்கொருவர் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள் என்பதும் பாடம்.

எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் தமிழ்க் காதுக்குக் குரல் ஏறினால் ஒன்று கேள்வி, இல்லையென்றால் கோபம், அவ்வளவுதான். இரைச்சலுக்குள் லியாங் பதறிச் சொன்ன ஏற்றத்தைக் கோபமென்று கேட்டுவிட்டாள். கேட்காமல் போன மிச்சத்தை நேற்று நடந்ததைக் கொண்டு நிரப்பிக்கொண்டாள்.

லியாங் அவள் கேள்வியைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டான். "மா லா த மா" என்றான். மாலாவில் வரும் மா. மாலா என்பது நாக்கை மரக்கச் செய்யும் ஒருவகை மிளகு போட்ட காரக் குழம்பு. சூப்பர்வைசர்கள் வாரம் ஒருமுறை வைப்பார்கள். பாண்டிசெல்வி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

நம்ப மனமில்லாமல், "எழுதிக் காட்டுங்கள்" என்று போனை நீட்டினாள்.

அவன் விரலால் எழுதினான். திட்டு என்று எழுதினால் குதிரைக்கு மேலே இரண்டு வாய் இருக்கும். அவன் எழுதியதில் வாயும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு கூரை, அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மரம். சுர்ரென்று இழுக்கிற மா.

"மெஷின் சட்டத்தில் கரண்ட்டா?"

"ஆமாம், கசிகிறது. காலையிலேயே சொன்னேனே" என்றான் லியாங். "எலக்ட்ரீஷியன் வந்து மன்னிப்புக்கூடக் கேட்டாரே. சரிசெய்துவிட்டார்கள் அல்லவா?"

பாண்டிசெல்வி மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

ஒரு மணிக்கு மெஷினைக் கழுவுவார்கள். பூஜைக்கு முன்னால் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று காலையில் அவள் முன்னால்தான் அழகுராஜா சொன்னார். ரோலர்களை மெதுவாகச் சுற்றவிட்டு, பெண்கள் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு சட்டத்தை ஒட்டி நடந்தே கழுவுவார்கள். தரையெல்லாம் தண்ணீர். வழுக்கும் என்று செருப்பைக் கழற்றிவிடுவார்கள். லியாங் காலில் கனமான ரப்பர் பூட்ஸ். அவனைச் சுர்ரென்று இழுத்ததோடு விட்ட கரண்ட், வெறுங்காலில் ஈரத்தில் நிற்பவளைச் சும்மா விடாது.

அழகுராஜாவை அழைத்தாள். பேசிக்கொண்டிருக்கிறார் என்றது போன். மறுபடி அழைத்தாள். அதேதான். கோயம்புத்தூர்க்காரர்கள் வழி கேட்டுக்கொண்டிருப்பார்கள். தங்கப்பாண்டியனுக்கு அடித்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. பெண்களுக்கு அடித்துப் பயனில்லை, உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

"கார்ல ஏறுங்க, திரும்பிப் போகணும்" என்று டிரைவர் சங்கையாவிடம் கத்தினாள். லியாங் பால்கோவாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன ஆயிற்று? நீங்கள் என்ன சொன்னீர்கள் அவர்களிடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எவ்வளவு விரட்டினாலும் ஆலைக்குப் போய்ச் சேர அரைமணி நேரம். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று தெருமுனையில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. சங்கையா ஹாரனை அழுத்திப் பிடித்தான்.

பன்னிரண்டு ஐம்பத்தாறு. மறுபடி அழகுராஜா. மறுபடி பேசிக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் வாசல் காவலர் ஞாபகம் வந்தது. சோலைச்சாமி. ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வாசலில் ஆலையின் பழைய போன் ஒன்று உண்டு. அந்த எண் அவளிடம் இல்லை. சங்கையாவிடம் இருந்தது. அவன் ஒரு கையால் வண்டியை வளைத்துக்கொண்டே மறு கையால் போனைத் திறந்து கொடுத்தான்.

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அண்ணாச்சி, நான் பாண்டிசெல்வி. மெயினை ஆஃப் பண்ணுங்க. இப்பவே. புது மெஷின்ல கரண்ட் அடிக்கிது."

"யாரும்மா? மெயினா? ஆலை மெயினா?"

"ஆமா. முழுசா. அந்தப் பொம்பளையாளுக கழுவப் போயிட்டாங்களா?"

"போறாக. இப்பத்தான் பைப்ப இழுத்துட்டுப் போனா மாரிக்கனி. ஏம்மா, மெயின ஆஃப் பண்ணுனா அம்புட்டு மிஷினும் நிக்கும். வெளுப்புத் தொட்டியில துணி கெடக்கு. மொதலாளி சொன்னாரா?"

பாண்டிசெல்வி ஒரு கணம் கண்ணை மூடினாள். லியாங் சொன்னதை அவள் தப்பாகச் சொன்னதால்தான் இத்தனையும். இப்போது உறுதியாகத் தெரியாத இன்னொன்றைச் சொன்னால்? ஒருவேளை காலைக்கப்புறம் தங்கப்பாண்டியன் தானாகவே கவனித்துச் சரிசெய்திருந்தால்? தொட்டியில் ஊறுகிற துணியெல்லாம் பாழ். பூஜை பாழ்.

"மொதலாளி சொல்லல அண்ணாச்சி. நான் சொல்லுதேன். தப்பு எம்மேலதான். என்ன வந்தாலும் நான் பதில் சொல்லுதேன். ஓடுங்க!"

போனைக் கீழே போடும் சத்தம் கேட்டது. வைக்கவில்லை, போட்டுவிட்டார். கம்பி வழியாக வெளியே எங்கோ ஒரு காகம் கத்துவதும், தூரத்து ப்ளோயர் இரைச்சலும் மட்டும் கேட்டன. பாண்டிசெல்வி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த இரைச்சலையே கேட்டாள். ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஓடுகிறது. வாசலிலிருந்து பேனல் அறைக்கு எத்தனை தூரம்? கேன்டீனைச் சுற்றிப் போக வேண்டும். சோலைச்சாமிக்கு முழங்கால் வலி வேறு.

இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் அலறினாள். ஒருத்தி இல்லை, நாலைந்து பேர்.

அதன் பிறகு இரைச்சல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாமல் அறுத்துவிட்டது போல் நின்றது.

அந்த அலறல் முதலில் வந்ததா, நிறுத்தம் முதலில் வந்ததா என்று பிற்பாடு பலர் அவளிடம் கேட்டார்கள். அலறல்தான் முதலில். அதை அவள் மறக்கவே முடியாது.

அவர்கள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாரிக்கனியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சோலைச்சாமி பேனல் அறை வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முனீஸ்வரி என்கிற பெண் நடந்ததைச் சொன்னாள். ஹோஸை வலது கையில் பிடித்தபடி மாரிக்கனி இடது கையைச் சட்டத்தில் ஊன்றியிருக்கிறாள். ஊன்றிய கை வரவில்லை. வாய் கோணி, உடம்பு விறைத்து, சத்தமே வராமல் நின்றாள். இவர்கள்தான் அலறினார்கள். "நான் பிடிச்சு இழுக்கப் போனேங்க்கா. இந்தா, இவ என் சேலையப் பிடிச்சு இழுத்துட்டா, தொடாதேன்னு. அதுக்குள்ள கரண்ட் போச்சு. அக்கா தொப்புன்னு விழுந்துட்டா."

"எம்புட்டு நேரம்?"

"தெரியலியே. ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு இருக்கும்."

லியாங் டூல் பெட்டியைத் திறந்தான். தங்கப்பாண்டியனும் அவனும் மெஷினின் அடியில் படுத்தார்கள். இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மோட்டாருக்குப் போகும் கேபிள் இரும்பு விளிம்பில் உரசி உரசி ரப்பர் தோல் தேய்ந்திருந்தது. அந்தக் கரண்ட்டை மண்ணுக்குள் இழுத்துவிட வேண்டிய எர்த் கம்பியின் போல்ட் முறுக்கப்படாமல் வெறுமனே சொருகியிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் தானாகக் கரண்ட்டை வெட்டிவிட ஒரு சுவிட்ச் உண்டு. ஒரு துண்டுக் கம்பி போட்டு, கரண்ட் அதற்குள் போகாமல் தாண்டிப் போகும்படி செய்திருந்தார்கள்.

"போன வாரம் ரெண்டு தடவ தானா விழுந்துச்சு," என்றான் தங்கப்பாண்டியன், யாரையும் பார்க்காமல். "சுவிட்ச்சுதான் கோளாறுன்னு நெனைச்சேன். வேல தாமசமாகுதுன்னு சொன்னாக, அதான் தாண்டிவிட்டேன்." யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அழகுராஜா அங்கேதான் நின்றிருந்தார். அவரும் கேட்கவில்லை.

லியாங் எழுந்து துணியில் கையைத் துடைத்தான். இன்று போகப்போவதில்லை என்று பாண்டிசெல்வியிடம் சொன்னான். பிறகு, "நான் 'கசிவு' என்ற சரியான வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிவிட்டேன்" என்றான்.

"நான் கேட்டிருக்க வேண்டும்" என்றாள் அவள்.

கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். பூஜை நடக்கவில்லை.

மாரிக்கனியை ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இதயத் துடிப்பைப் பார்க்கக் கம்பிகளை ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். இடது உள்ளங்கையில் தீக்காயம். விழுந்ததில் தோள்பட்டை விலகியிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் பாண்டிசெல்வி போனாள். வார்டு வாசலில் நின்று, உள்ளே போகலாமா திரும்பிவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். மாரிக்கனி பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, வாசல்ல என்ன நிக்க? உள்ள வா."

பாண்டிசெல்வி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சீனக்காரன் பத்தேகாலுக்கே சொன்னதை. மாவை. அதை அவள் திட்டு என்று கேட்டதை. முதலாளி போய் மன்னிப்புக் கேட்டதை. எதையும் விடவில்லை. மாரிக்கனி கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள்.

மாரிக்கனி இரண்டும் செய்யவில்லை.

"அவன் சொன்னது உனக்கு வெளங்கல. அது வேற பாஷ" என்றாள். "நான் முந்தாநாளே தங்கப்பாண்டியன்கிட்டச் சொன்னேன். 'எலேய், இந்தக் கம்பியத் தொட்டா சுர்ருங்குது, என்னன்னு பாரு'ன்னு. 'காஞ்ச துணி ஓடுனா அப்படித்தான் இருக்கும் மதினி, அது ஒண்ணும் பண்ணாது'ன்னுட்டுப் போயிட்டான். நான் நின்னது ஈரப் பக்கம், அங்கன காஞ்ச துணி ஏது? பொறவு சூப்பர்வைசர்கிட்டயும் சொன்னேன். வேலைக்கு மட்டம் போடப் பாக்கியான்னு கேட்டாரு." அவள் திரும்பிப் பாண்டிசெல்வியைப் பார்த்தாள். "நான் தமிழ்லதான் சொன்னேன்."

மாரிக்கனி பதில் எதையும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. தண்ணீர் கேட்டாள். பாண்டிசெல்வி டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

விபத்து பற்றித் தொழிற்சாலை ஆய்வு அதிகாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. லியாங் சொன்னதைத் தமிழில் எழுதும் வேலை பாண்டிசெல்வியுடையது. இந்தத் தடவை அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்ப அவனிடமே சீனத்தில் படித்துக் காட்டினாள். சந்தேகமான இடத்தில் எழுதிக் காட்டச் சொன்னாள். அவனும் சலிக்காமல் எழுதினான். தான் தப்பாக மொழிபெயர்த்ததை முதல் பத்தியிலேயே போட்டாள். கடைசிப் பத்தியாக, விபத்துக்கு ஒரு நாள் முன்பே மாரிக்கனி இரண்டு பேரிடம் சொன்னாள் என்பதையும் சேர்த்தாள்.

அழகுராஜா தன் அறையில் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சீனக்காரன் சொன்னது சரி. நீ மாத்திச் சொன்னது, நீயே எழுதிட்ட, அதுவும் சரி. இந்தக் கடைசிப் பத்தி எதுக்கும்மா? அவ சொன்னாளோ சொல்லலியோ, யாருக்குத் தெரியும்?"

"சொன்னாங்க சார். தங்கப்பாண்டியன் அண்ணனும் ஒத்துக்கிட்டாரு."

"அதை எடுத்துரு. மத்ததெல்லாம் இருக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவு பூராம் நான் பாத்துக்கிடுதேன், சம்பளமும் விடாமக் குடுக்கேன். ஒரு பத்திதானே."

பாண்டிசெல்வி எழுந்து நின்றாள். "அன்னிக்கு ஒருத்தர் சொன்னதை நான் மாத்திச் சொன்னேன் சார். அது காது செஞ்ச தப்பு. இன்னிக்கு இன்னொருத்தர் சொன்னதை விட்டுட்டா, அதுக்குக் காதைக் குத்தம் சொல்ல முடியாது."

அழகுராஜா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வெட்டவெயிலில் லியாங் புதுக் கேபிளை அளந்து வெட்டிக்கொண்டிருந்தான். தங்கப்பாண்டியன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அழகுராஜா பேனாவை எடுத்து, கடைசிப் பத்திக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நாளையிலிருந்து நீ வருவேல்ல?" என்று கேட்டார். குரலில் கோபம் இருந்ததா, கேள்வி மட்டுமா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"வரணுமா சார்? தெளிவாச் சொல்லுங்க" என்றாள்.

"வா" என்றார்.